மேசைக்கு எதிரே ஒரே ஒருவர், கையில் ஐந்து தாள்: அச்சுப் பக்கங்களை அடுக்கும் முறை

பேக்கிங் பிரிவில் பாக்கெட்டின் வாயை ஒட்டும் சீலிங் மெஷின் ஒன்று அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்க அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியவர் ஒரே ஒருவர். அவர் அறையில் திரை கிடையாது, புரொஜெக்டர் கிடையாது. நடுவில் ஒரு மேசை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இந்த ஒரு கோரிக்கைக்காக இரண்டு முறை போனேன். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை 12 நிமிடத்தில் முடிவு வந்துவிட்டது. மெஷினும் அதே மெஷின்தான், எண்களும் அதே எண்கள்தான். தாள்களை அடுக்கிய விதம்தான் மாறியிருந்தது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விலைப்புள்ளி வாங்குவது, செலவுக் கணக்குப் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் முறை என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதில் புரியும். 18 பக்கம் தயார் செய்து, சுருள் கம்பி போட்டு பைண்ட் செய்து, உட்கார்ந்ததும் அவர் கையில் கொடுத்தேன். பிரிவின் அறிமுகம், மெஷினின் வரலாறு, பழுதுகள், வாய்ப்புகள் என்று வரிசையாகப் போய் 14ஆம் பக்கத்தில் விலை. நான் 2ஆம் பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதே அவர் பின்னாலிருந்து புரட்டி விலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஐந்து நிமிடத்தில், "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன்" என்றார். அவர் மீது தவறே இல்லை. பணம் தர வேண்டியவர் முதலில் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்.

அரங்கில் பேசும்போது அடுத்த பக்கம் எப்போது வரும் என்பது பேசுபவர் கையில் இருக்கிறது. மேசையில் தாளைக் கொடுத்த நொடியிலேயே அது எதிரே இருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் எந்த வரிசையில் கேட்டாலும் சிதறாத மாதிரி தாள்கள் இருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி எது?

தாளைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு அதிக நாள் பிடித்ததும் இதுதான்.

நம் கையில் எல்லா எண்களும் இருக்கும். ஆனால் அந்த எண்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிக்கிற ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் இருக்கும். அது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும். அதனால்தான் முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கிறார். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் சந்திப்பை எதைச் சுற்றி நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. உங்கள் கணக்கில் நீங்களாக ஊகித்து வைத்த எண்களை எல்லாம் தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எதை மாற்றினால் பரிந்துரையே தலைகீழாகிறதோ, அதுதான் அந்தக் கேள்வி.

என் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எந்த நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்று புது மெஷினின் விலையை 100 என்று வைக்கிறேன். பழுதுப் பதிவேட்டின்படி ஆறு மாதத்தில் 66 மணி நேரம் நின்றிருக்கிறது, அதாவது மாதம் 11 மணி நேரம். ஒரு மணி நேரம் நின்றால் கூடுதல் வேலைக்கான கூலியாக 0.5 போகிறது. அது மாதத்துக்கு 5.5. உதிரி பாகங்கள் 1.5. ஆக, ஒன்றும் செய்யாமல் விட்டாலே மாதம் 7 செலவு. மெஷினை முழுவதுமாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய 30 ஆகும். அதன் பிறகு மாதம் 6 மணி நேரம் நிற்கும் என்று மெக்கானிக் மதிப்பிட்டார். உதிரி பாகம் 1 சேர்த்தால் மாதம் 4. புது மெஷின் 100. மாதம் 2 மணி நேரம் நின்றாலும் செலவு 1 தான்.

இத்தனை மாதத்தில் மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று போட்டால் இப்படி வருகிறது:

| | 12 மாதம் | 18 மாதம் | 24 மாதம் | 36 மாதம் |
|---|---|---|---|---|
| அ. இப்படியே விடுவது | 84 | 126 | 168 | 252 |
| ஆ. ஓவர்ஹால் | 78 | 102 | 126 | 174 |
| இ. புது மெஷின் | 112 | 118 | 124 | 136 |

24 மாதக் கட்டத்தைப் பாருங்கள். ஓவர்ஹாலுக்கு 126, புதியதற்கு 124. கிட்டத்தட்ட சமம். அதற்கு முன்னால் ஓவர்ஹால் மலிவு, அதற்குப் பின்னால் புதியது மலிவு. அப்படியானால் கேள்வி மெஷினைப் பற்றியதே இல்லை. "இந்த அளவு பாக்கெட்டை இன்னும் எத்தனை மாதம் போடப் போகிறோம்?" என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் என்னிடம் இல்லை, வாடிக்கையாளரோடு பேசுகிற அவரிடம் இருக்கிறது. முதல் முறை கொண்டுபோன 18 பக்கத்தில் இந்தக் கேள்வி ஒரு இடத்தில்கூட இல்லை. நானாகவே மூன்று ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, புதியதுதான் லாபம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

படி 2: ஐந்து தாள், அதற்கு மேல் வேண்டாம்

மேசையில் போகும் தாள்கள் ஐந்து. மற்ற எல்லாம் பின்னிணைப்பு, அது உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதல் தாள் கோரிக்கை. மேலே ஒரே வாக்கியத்தில் என்ன வேண்டும் என்று இருக்க வேண்டும். "பேக்கிங் பிரிவின் 2ஆம் சீலிங் மெஷினை மாற்ற 100க்கு அனுமதி வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் இந்தப் பாக்கெட்டை நிறுத்துவதாக இருந்தால் 30க்கு ஓவர்ஹால் போதும்." அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு முக்கியமான வேலை இருக்கிறது. தாளை எடுத்ததுமே, முடிவு தன் பதிலில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதன் கீழே மூன்று எண்கள் மட்டும்: இப்போது மாதம் ஆகும் செலவு 7, கேட்கும் தொகை 100, மாற்றினால் ஆகும் மாதச் செலவு 1. கடைசியில், எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும், அதற்கு என்ன காரணம். என் தாளில் இருந்த காரணம், விலைப்புள்ளி அந்தத் தேதியோடு காலாவதியாகிறது என்பது. காரணம் உண்மையாக இல்லையென்றால் தேதியே போடாதீர்கள்.

விலையை முதல் தாளில் போட்டால் அதைப் பார்த்துவிட்டு மற்றதைக் கேட்க மாட்டாரே என்று நானும் பயந்தேன். நடந்தது வேறு. தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டதால் புரட்டுவதை நிறுத்திவிட்டு, "சரி, ஏன் இவ்வளவு?" என்று அவரே கேட்டார். இரண்டாம் தாளுக்குப் போக அதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டாம் தாள் இப்போதைய நிலை. ஆறு மாதத்தில் மெஷின் எப்போதெல்லாம் நின்றது என்று ஒரே ஒரு பட்டை வரைபடம். மாதத்துக்கு ஒரு பட்டை, ஒவ்வொன்றின் மேலும் எண். கீழே, எண்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று ஒரு வரி. இந்தத் தாளில் வேறு எதுவும் தேவையில்லை.

மூன்றாம் தாள் மேலே காட்டிய அட்டவணை. "இப்படியே விடுவது" என்ற வரிசை கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது தாளில் இல்லாவிட்டால், தள்ளிப்போடுவது இலவசம் போலத் தெரியும்.

நான்காம் தாள்தான் இந்தக் கட்டுரையின் மையம். அதற்குத் தனிப் படி.

ஐந்தாம் தாள், சம்மதம் சொன்னால் அடுத்து என்னென்ன எந்தத் தேதியில் நடக்கும் என்பது. யார் ஆர்டர் போடுவார், மெஷின் எப்போது வரும், மாற்றும் நாளில் வேலை எத்தனை மணி நேரம் நிற்கும். கீழே கையெழுத்துக்கு இடம். இதில் புது மெஷினுக்கும் ஓவர்ஹாலுக்கும் தனித்தனியாக இரண்டு தாள் தயார் செய்து கொண்டுபோங்கள். எந்த முடிவு வந்தாலும் அதற்கான தாளை எடுத்து வைக்க முடியும்.

படி 3: நான்காம் தாள், அவர் எழுத வேண்டியது

இந்தத் தாளில் பாதி காலியாக இருக்கும். மேலே கேள்வி, பெரிய எழுத்தில்: "இந்த அளவு பாக்கெட்டை இன்னும் எத்தனை மாதம் போடப் போகிறோம்?" அதன் கீழே ஒரு கட்டம், அகலம் 6 சென்டிமீட்டர், உயரம் 2 சென்டிமீட்டர் இருக்கட்டும். சிறிய கட்டத்தில் பெரியவர்கள் எழுதமாட்டார்கள், ஒரு கோடு மட்டும் போட்டிருந்தால் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கட்டத்துக்குக் கீழே 12 முதல் 36 வரை மாதங்களைக் குறித்த ஒரு கோடு. 24இல் ஒரு செங்குத்துக் குறி. அதன் இடதுபுறம் "ஓவர்ஹால்", வலதுபுறம் "புது மெஷின்". அவ்வளவுதான்.

அவர் எண்ணை எழுதியதும் அந்த எண் கோட்டில் எங்கே விழுகிறது என்பதை அவரே பார்ப்பார். நீங்கள் வாதாட வேண்டியதில்லை. அது அவர் கையால் எழுதிய எண், பக்கத்தில் இருப்பது முன்பே அச்சடித்த கோடு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று கேள்விகளை இந்தத் தாளில் திணிக்க ஆசை வரும். ஒருமுறை வேறொரு விஷயத்துக்காக மூன்று கட்டம் போட்டுக் கொண்டுபோனேன். அவர் முதல் கட்டத்தை நிரப்பினார், இரண்டாவதில் யோசித்தார், மூன்றாவதைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கேள்வி, ஒரு கட்டம். மற்ற ஊகங்களை எல்லாம் முன்கூட்டியே வேறு யாரிடமாவது உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். எனக்கு, மணிக்கு 0.5 என்ற எண்தான் பலவீனமானது. அதை முந்தைய நாளே கணக்குப் பிரிவில் காட்டி, சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். அவர் கேட்டபோது "கணக்குப் பிரிவு கொடுத்த எண், சார்" என்று சொல்ல முடிந்தது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

படி 4: பக்க அமைப்பும் அச்சும்

ஸ்லைடு போடும் மென்பொருளில் இதைச் செய்யாதீர்கள். அதன் பக்கம் திரைக்கானது. அகலமாக வரும், தாளில் மேலும் கீழும் வெற்றிடம் விழும், வாக்கியங்கள் துண்டு துண்டாகும். நான் LibreOffice Writer பயன்படுத்துகிறேன். கடிதம் எழுதுகிற எந்த மென்பொருளும் சரிதான். A4, நெட்டுவாக்கு, ஒரே பக்கம் அச்சு. நெட்டுவாக்கில் இருந்தால் அவருடைய கோப்பில் மற்றக் கடிதங்களோடு போய் உட்கார்ந்துவிடும்.

எழுத்தின் அளவு சாதாரண வரிகளுக்கு 13, எண்களுக்கு 16, தலைப்புக்கு 18. நாற்பது வயது தாண்டியவர்களில் பலருக்குக் கிட்டப் படிக்கக் கண்ணாடி வேண்டும், பேச்சின் நடுவில் கண்ணாடியைத் தேட வைக்கக் கூடாது. ஒரு தாளில் 100 சொல்லுக்கு மேல் போனால் நான் வெட்டிவிடுவேன்.

என்னைத் தடுக்கி விழவைத்த விஷயம் ஒன்று உண்டு. தாள் அவர் பக்கம் பார்த்து இருக்கும்போது அதன் மேல்விளிம்பு நம் பக்கம் இருக்கும். நாம் கையை நீட்டி நடுவில் இருக்கும் எண்ணைக் காட்டினால் முழங்கை வரை தலைப்பின் மேல் படுத்துக்கொள்ளும். அவர் படிப்பதை நாமே மறைக்கிறோம். எழுந்து குனிந்து காட்டினால் இன்னும் மோசம், அவர் பின்னால் சாய்ந்துவிடுவார். இதற்கு நான் கண்ட வழி, சுட்டிக்காட்டவே தேவையில்லாதபடி தாளை அமைப்பது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் அ, ஆ, இ என்று எழுத்து போடுங்கள். "ஆ வரிசையில் 18 மாதக் கட்டம்" என்று வாயால் சொன்னால் அவர் கண் தானாகப் போகும். பக்க எண்ணை வலது மேல் மூலையில் பெரிதாகப் போடுங்கள். தலைகீழாக இருந்தாலும் நமக்கு எந்தத் தாள் என்று தெரியும். உங்களுக்கென்று அதே தாள்களின் இன்னொரு பிரதி உங்கள் முன் நேராக இருக்க வேண்டும். தலைகீழாகப் படித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், எண்களில் தவறு வரும்.

தாளின் கனம் 100 ஜிஎஸ்எம், பளபளப்பு இல்லாதது. பளபளக்கும் தாளில் மேலே எரியும் விளக்கு பிரதிபலித்து எழுத்து தெரியாது, பேனாவும் சரியாக எழுதாது. நான்காம் தாளில் அவர் எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள். லேசர் அச்சுதான் என் தேர்வு. இங்க்ஜெட் மையில் ஈரக் கை பட்டால் பரவிவிடும். லேசர் சூட்டில் தாள் லேசாகச் சுருளும் என்பதால் முந்தைய நாளே அச்செடுத்து ஒரு கனமான புத்தகத்தின் கீழே வைத்துவிடுங்கள். வண்ணத்தை நம்பி எதையும் சொல்லாதீர்கள். அவர் அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் ஆகிவிடும்.

வேறு கணினியில் அச்செடுப்பதாக இருந்தால் PDF ஆக மாற்றிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் உங்கள் தமிழ் எழுத்துரு அங்கே இல்லாமல் வரிகள் இடம் மாறி, ஐந்து தாள் ஏழு தாளாகிவிடும். அச்சிடும் பெட்டியில் `Fit` என்று இருப்பதை `Actual size` என்று மாற்றுங்கள். `Fit` சில சமயம் பக்கத்தையே சுருக்கிவிடும், 13 என்று நீங்கள் வைத்த எழுத்து 12 ஆகிவிடும்.

பைண்டிங் வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம். தனித்தனித் தாள்கள்.

படி 5: மேசையில்

உட்கார்ந்ததும் முதல் தாளை மட்டும் அவர் பக்கம் திருப்பி வையுங்கள். மற்ற நான்கும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். வைத்துவிட்டு, பேசாமல் இருங்கள்.

எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது, செய்வது கடினம். 100 சொல்லைப் படிக்க அவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த அமைதி நமக்கு ஐந்து நிமிடம் மாதிரி இருக்கும், வாய் தானாகத் திறந்து தாளில் இருப்பதையே சொல்ல ஆரம்பிக்கும். ஒரே நேரத்தில் படிக்கவும் கேட்கவும் யாராலும் முடியாது. நீங்கள் பேசினால் அவர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார். எனக்கு உதவிய பழக்கம், என் பிரதியை நானும் அதே வேகத்தில் முதல் வரியிலிருந்து மனதுக்குள் படிப்பது. அவர் தலை நிமிர்ந்த பிறகுதான் பேச்சு. முதலில் அவர் பேசினால் இன்னும் நல்லது.

அடுத்து எந்தத் தாள் என்பதை அவர் கேள்வி தீர்மானிக்கட்டும். "ஏன் நிற்கிறது?" என்றால் இரண்டு. "ரிப்பேர் பண்ணினால் ஆகாதா?" என்றால் நேராக மூன்று, இரண்டைத் தாண்டிவிடலாம். "அதற்குப் பின்னால் வருகிறேன், சார்" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். தாள்களைத் தனித்தனியாக வைத்திருப்பதே அதைச் சொல்லாமல் இருக்கத்தான். புதுத் தாளை வைக்கும்போது பழையதை அகற்றாமல் ஒரு ஓரமாக நகர்த்துங்கள். முதல் தாள் கடைசி வரை மேசையில் தெரிய வேண்டும். நடுவில் தொலைபேசி அடித்து அவர் பேசிவிட்டு வந்தால், எங்கே விட்டோம் என்பதைத் தாளே சொல்லும்.

பின்னிணைப்புத் தாள்களை உங்கள் குறிப்பேட்டின் கீழே, ஓரத்தில் ஒட்டுச்சீட்டு வைத்து அடுக்குங்கள். என்னிடம் இருந்தவை மூன்று: விலைப்புள்ளிகள், பதிவேட்டின் நகல், கணக்கின் விவரம். கேட்டால் எடுக்க வேண்டும், கேட்காவிட்டால் அது இருப்பதே தெரிய வேண்டாம். அவர் பதிவேட்டை மட்டும் கேட்டார். ஒரு தேதியைப் பார்த்து, "அன்றைக்கு மின்சாரம் இல்லை, மெஷின் மேல் தப்பில்லை" என்றார். சரிதான். என் பிரதியில் அந்த 3 மணி நேரத்தை அவர் கண்ணெதிரே அடித்துத் திருத்தினேன். 66 என்பது 63 ஆனது, மாதச் சராசரி 10.5. முடிவு மாறாது என்றாலும் திருத்தியதை அவர் பார்த்தார்.

20 நிமிடம் நேரம் கொடுத்திருந்தால் தாள்களுக்கு 8 நிமிடம் என்று திட்டமிடுங்கள். மீதி அவருடையது. போனதும் "ஐந்தே நிமிடம்தான்" என்று சொல்லிவிட்டால் முதல் தாளும் நான்காம் தாளும் மட்டும் போதும். அந்த இரண்டையும் மட்டும் வைத்து வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் முடியவில்லையென்றால் முதல் தாள் இன்னும் சரியாகவில்லை.

நான்காம் தாளை வைக்கும்போது பேனாவையும் அதன் பக்கத்தில் வையுங்கள், மூடி கழற்றி. கையில் நீட்ட வேண்டாம். நீட்டினால் அது கையெழுத்துக் கேட்பது மாதிரி இருக்கும்.

அவர் கட்டத்தைச் சற்று நேரம் பார்த்தார். தன் பேனாவையே எடுத்தார். 18 என்று எழுதினார். பிறகு, "ஒப்பந்தம் அதோடு முடிகிறது. புதுப்பிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை" என்றார். 18 கோட்டின் இடதுபுறம் விழுந்தது. மூன்றாம் தாளை அவரே இழுத்துப் பார்த்தார், 102க்கும் 118க்கும் வட்டம் போட்டார். நான் புது மெஷின் கேட்கப் போயிருந்தேன். கோப்பிலிருந்து ஓவர்ஹாலுக்கான ஐந்தாம் தாளை எடுத்து வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

படி 6: கிளம்பும்போது

முதல் தாளையும் மூன்றாம் தாளையும் அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் இன்னொருவருக்கு விளக்க வேண்டி வரும், அந்த இரண்டும் நீங்கள் இல்லாமலே புரிய வேண்டும். அவர் எழுதிய நான்காம் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரவில்லையென்றால் அந்த எண்ணையும் தேதியையும் உங்கள் பிரதியில் உடனே குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள், முடிவு என்ன, எந்த எண்ணை வைத்து எடுக்கப்பட்டது என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்த ஒருவர் கேட்ட கேள்வி என்னை உட்காரவைத்துவிட்டது: "18 மாதம் கழித்துப் புது மெஷினை விற்றால் பணம் வருமே, அதை ஏன் கழிக்கவில்லை?" கழித்திருக்க வேண்டும். 118க்கும் 102க்கும் வித்தியாசம் 16. அந்த மெஷின் 16க்கு மேல் விலைபோகும் என்றால் புதியதே மலிவு. எங்கள் மெஷின் ஒரே அகலத்துக்கென்று செய்து வாங்குவது, வேறு யாருக்கும் எளிதில் பயன்படாது. அதனால் முடிவு தவறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய வரி. இப்போது பொருள் வாங்கும் எந்தக் கோரிக்கையிலும் "கடைசியில் விற்றால் கிடைப்பது" என்று மூன்றாம் தாளில் ஒரு வரி சேர்க்கிறேன். அதேபோல ஓவர்ஹால் வரிசையில் 36 மாதக் கட்டம், ஓவர்ஹால் அவ்வளவு நாள் தாங்கும் என்ற ஊகத்தில் நிற்கிறது. அதையும் அட்டவணையின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2

தனித்தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்கின்றன என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 80 ஜிஎஸ்எம் தாளாக இருந்தால் நிச்சயம் பறக்கும். 100இல் பெரும்பாலும் நிற்கும். பயமாக இருந்தால் தாளின் அளவுக்கு ஒரு கெட்டி அட்டையைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்து, மேல்விளிம்பில் ஒரு கிளிப் போடுங்கள். அந்த விளிம்பு உங்கள் பக்கம்தான் இருக்கும், தாளை மாற்ற வசதி.

முடிவெடுப்பவர் தாளையே தொடாமல், "நீங்களே சொல்லுங்கள்" என்று சாய்ந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் ஒருமுறை நடந்தது. முதல் தாளின் முதல் வாக்கியத்தை மட்டும் வாயால் சொன்னேன், எண்களைச் சொல்லவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டார். தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். எடுத்துப் பார்த்தார்.